மூடிய கணக்கில் தவறாக ஏறிய சப்ளையர் பில்: திருத்துவது எப்படி?

கணக்கு மூடிய பிறகு ஒரு சப்ளையர் பில் தவறான தலைப்பிலோ தவறான மாதத்திலோ ஏறியிருப்பது தெரியவந்தால், உடனே தோன்றும் யோசனைகள் இரண்டு. பில்லை ரத்து செய்துவிட்டு மறுபடி பதிவது ஒன்று. மூடிய மாதத்தைத் திறந்து உள்ளே போய் மாற்றுவது மற்றொன்று. பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே தேவையில்லை, இரண்டுமே கூடுதல் சேதத்தைத்தான் விளைவிக்கும். பில்லின் பதிவில் எந்தப் பகுதி தவறோ அந்தப் பகுதியை மட்டும், இப்போது திறந்திருக்கும் மாதத்தில், ஒரு திருத்தப் பதிவால் சரிசெய்வதே என் முதல் தேர்வு. அந்தப் பதிவில் எந்தக் கணக்கை எதிராக வைப்பது என்பதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். ஆண்டு முடிவில் அந்தச் செலவுக்காக ஏற்கெனவே ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்ததா என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம்.

நடந்தது என்ன

ஒரு நிறுவனத்தின் நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. டிசம்பர் 18 முதல் 20 வரை ஒரு கம்ப்ரஸருக்குப் பராமரிப்பு வேலை நடந்தது. பில் வரவில்லை என்பதால், ஆண்டுக் கணக்கை மூடும்போது 1,00,000 என்று மதிப்பிட்டுப் பழுதுபார்ப்புச் செலவில் பற்று வைத்தார்கள், கொடுபட வேண்டிய செலவுகளில் வரவு வைத்தார்கள். ஜனவரி 8 அன்று பில் வந்தது: வேலைக்கு 1,20,000, திரும்பப் பெறக்கூடிய வரி 12,000, மொத்தம் 1,32,000. பதிந்தவர் 1,20,000-ஐ இயந்திரங்கள் என்ற சொத்துக் கணக்கில் ஏற்றிவிட்டார். பிப்ரவரி 7-இல் சப்ளையருக்கு முழுப் பணமும் போய்விட்டது. சொத்துக்கு 5 ஆண்டு ஆயுள் என்று வைத்ததால் மாதம் 2,000 வீதம் தேய்மானமும் ஓடத் தொடங்கியது. ஆண்டறிக்கை மார்ச்சில் கையெழுத்தாகிவிட்டது. ஏப்ரலில் சொத்துப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது, வரிசை எண்ணே இல்லாத ஓர் 'இயந்திரம்' அதில் இருந்தது.

இங்கே பிழை இரண்டு அடுக்கு. தலைப்பு தவறு: செலவாக வேண்டியது சொத்தாகிவிட்டது. காலமும் தவறு: டிசம்பர் வேலை ஜனவரிக் கணக்கில் நிற்கிறது.

முதலில், பிழை உண்மையிலேயே பிழையா?

"பராமரிப்பு என்றால் செலவு" என்று சொல்லி உடனே மாற்றிவிடக் கூடாது. சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 16, அன்றாடப் பராமரிப்பைச் செலவாக எழுதச் சொல்கிறது. ஆனால் ஒரு முக்கியப் பாகத்தை மாற்றினாலோ, குறிப்பிட்ட இடைவெளியில் செய்தே ஆக வேண்டிய பெரிய பரிசோதனை நடந்தாலோ, அந்தத் தொகை சொத்தில் சேரலாம் என்கிறது. அப்படிச் சேரும்போது பழைய பாகத்தின் மீதி மதிப்பைக் கணக்கிலிருந்து நீக்கவும் வேண்டும். ஆகவே பில்லின் தலைப்பை நம்ப வேண்டாம். வேலை முடிந்ததும் பொறியாளர் கையெழுத்திட்ட பணி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நம் உதாரணத்தில் அதில் இருந்தவை எண்ணெய் மாற்றம், சீல் மாற்றம், பேரிங் சரிபார்ப்பு. இயந்திரத்தின் ஆயுளோ திறனோ கூடவில்லை. சந்தேகமில்லாமல் இது வருவாயினச் செலவு.

வேலை எந்தக் காலத்துக்கு உரியது என்பதற்கும் அதே அறிக்கைதான் சான்று. பில்லில் இருக்கும் தேதி சப்ளையர் எப்போது பில் போட்டார் என்பதைத்தான் காட்டுகிறது. சேவை டிசம்பர் 20-இல் முடிந்தது, ஆகவே செலவு டிசம்பருக்கு உரியது.

பில்லை ஏன் ரத்து செய்யக் கூடாது

பில்லின் பதிவில் மூன்று பகுதிகள் உண்டு. சப்ளையருக்கு 1,32,000 வரவு, சரி. வரிக் கணக்கில் 12,000 பற்று, சரி. இயந்திரங்கள் கணக்கில் 1,20,000 பற்று, இது மட்டும் தவறு. ரத்து செய்தால் சரியாக இருக்கும் இரண்டு பகுதிகளும் சேர்ந்து கலைகின்றன. பில்லோடு இணைத்துத் தீர்க்கப்பட்ட பிப்ரவரிப் பணம் அநாதையாக நிற்கும். ஏற்கெனவே தாக்கல் செய்த வரி அறிக்கையில் உள்ள 12,000, புதிய மாதத்தில் ஒருமுறை கழிந்து மறுபடி கூடும். கொள்முதல் ஆணையோடு இருந்த பொருத்தம் அறுந்துபோகும். அதே பில் எண்ணை இரண்டாம் முறை பதியும்போது, இரட்டைப் பதிவைத் தடுக்கும் எச்சரிக்கையை யாராவது கையால் மீற வேண்டியிருக்கும். அந்த எச்சரிக்கையை மீறிப் பழகிய அலுவலகத்தில் ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போவது காலப்போக்கில் நடந்தே தீரும்.

SAP பயன்படுத்துகிறவர்களுக்கு மென்பொருளே இதை உணர்த்திவிடும். பணம் கொடுத்துத் தீர்க்கப்பட்ட ஆவணத்தை FB08 அப்படியே ரத்து செய்யாது, முதலில் FBRA மூலம் அந்தத் தீர்வைப் பிரிக்க வேண்டும். கொள்முதல் ஆணையின் வழியாக MIRO-வில் பதிந்த பில்லாக இருந்தால் FB08 அதை ஏற்காது, MR8M-க்குப் போக வேண்டும். இவ்வளவு தடுப்புகள் குறுக்கே வரும்போது, போகும் வழி சரிதானா என்று நின்று யோசிப்பது நல்லது.

சப்ளையரே தவறு, தொகை தவறு, வரி தவறு, அல்லது பில் எண் தவறு என்றால் மட்டுமே முழுப் பதிவையும் எதிர்ப்பதிவு செய்ய நியாயம் உண்டு. தவறு சப்ளையருடையது என்றால் அவரிடமிருந்து வரவுக் குறிப்பு வாங்கி, அதன் அடிப்படையில் பதிய வேண்டும். நாமாகத் தொகையை மாற்றக் கூடாது.

மூடிய மாதத்தை ஏன் திறக்கக் கூடாது

டிசம்பர் எண்கள் வெளியே போய்விட்டன. நிர்வாகம், வங்கி, தணிக்கையாளர் ஆகியோர் கையில் இருப்பது ஒரு டிசம்பர். நாம் திறந்து மாற்றினால் பேரேட்டில் இருப்பது இன்னொரு டிசம்பர். தக்கவைத்த இலாபத்தின் தொடக்க இருப்பும் அறிக்கையோடு ஒத்துப்போகாது. இன்னோர் ஆபத்தும் உண்டு. நமக்காகத் திறந்த அரைமணி நேரத்தில், தானாக ஓடும் ஏதாவது ஒரு பதிவோ வேறு யாரோ தவறான தேதியில் போட்ட வவுச்சரோ உள்ளே நுழைந்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும்.

ஆண்டறிக்கை இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் நிலைமை வேறு. ஐஏஎஸ் 10 தரத்தின்படி, ஆண்டு முடிவில் நிலவிய நிலைக்குச் சான்றாகப் பின்னால் வரும் தகவல் அந்த ஆண்டையே திருத்தும். ஜனவரியில் வந்த பில் அப்படிப்பட்ட சான்றுதான். தொகை முக்கியமானதாக இருந்தால் நிதித் தலைவரிடமும் தணிக்கையாளரிடமும் சொல்லி, ஆண்டு இறுதிச் சரிக்கட்டுதல்களுக்கென்று பல மென்பொருள்களில் இருக்கும் 13-ஆம் காலத்தில் பதியலாம். நம் உதாரணத்தில் மார்ச்சிலேயே கையெழுத்தாகிவிட்டதால் அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஒதுக்கீடு இருந்ததா, அது இப்போது எங்கே இருக்கிறது

இந்த வேலையில் மிக முக்கியமான கட்டம் இதுதான், இதற்கு நேரம் கொடுங்கள். பிழையைக் கண்டவர் இயல்பாகப் போட நினைக்கும் பதிவு: பழுதுபார்ப்புச் செலவு பற்று 1,20,000, இயந்திரங்கள் வரவு 1,20,000. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் டிசம்பரில் 1,00,000 ஏற்கெனவே செலவாகிவிட்டது. அந்த ஒதுக்கீடு இன்னும் தீராமல் நின்றால், ஒரே வேலைக்கு இரண்டு ஆண்டுகளில் சேர்த்து 2,20,000 செலவு காட்டியிருப்போம். எதிரில், யாருக்கும் தர வேண்டியிராத 1,00,000 கொடுபட வேண்டிய செலவுகளில் கடனாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே கொடுபட வேண்டிய செலவுகள் கணக்கைத் திறந்து, டிசம்பரில் போட்ட அந்த ஒதுக்கீட்டைத் தேடுங்கள். இரண்டு நிலைகளில் ஒன்றைக் காண்பீர்கள்.

ஒதுக்கீடு அப்படியே நிற்கிறது என்றால், அந்த 1,00,000 இந்தப் பில்லுக்காகத்தான் காத்திருக்கிறது. பில்லின் பற்று முதலில் அதில் போய் அதைத் தீர்த்திருக்க வேண்டும்.

ஒதுக்கீடு ஜனவரி 1-இல் தானாக எதிர்ப்பதிவு ஆகியிருக்கிறது என்றால், கொடுபட வேண்டிய செலவுகளில் எதுவும் மீதியில்லை. அதற்குப் பதிலாக ஜனவரியின் பழுதுபார்ப்புச் செலவில் 1,00,000 வரவு விழுந்திருக்கும். பில் அதே தலைப்பில் வந்து அந்த வரவை ஈடுகட்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம். பில் சொத்துக்குப் போய்விட்டதால் ஈடு நடக்கவில்லை. ஒரு செலவுக் கணக்கு காரணமில்லாமல் வரவு இருப்பில் நின்றால், வேறொரு தலைப்பில் தொலைந்த பில் ஒன்று இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

மூன்று பத்தியில் பதிவைக் கண்டுபிடிப்பது

பதிவை மனத்துக்குள் ஊகிக்க வேண்டாம். ஒரு தாளில் ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே 'இப்போது இருப்பது', 'இருந்திருக்க வேண்டியது', 'வித்தியாசம்' என்று எழுதுங்கள். மூன்றாம் பத்திதான் உங்கள் திருத்தப் பதிவு. நம் உதாரணத்தில், ஒதுக்கீடு தீராமல் நிற்கும் நிலையில், இந்த ஒரு வேலையால் மார்ச் முடிவில் கணக்குகளில் ஏற்பட்டிருக்கும் இருப்பு இப்படி இருக்கும்:

| கணக்கு | இருப்பது | இருக்க வேண்டியது | திருத்தம் |
|---|---|---|---|
| இயந்திரங்கள் | 1,20,000 பற்று | 0 | 1,20,000 வரவு |
| திரண்ட தேய்மானம் | 6,000 வரவு | 0 | 6,000 பற்று |
| தேய்மானச் செலவு | 6,000 பற்று | 0 | 6,000 வரவு |
| கொடுபட வேண்டிய செலவுகள் | 1,00,000 வரவு | 0 | 1,00,000 பற்று |
| பழுதுபார்ப்புச் செலவு, இந்த ஆண்டு | 0 | 20,000 பற்று | 20,000 பற்று |

பற்று 1,26,000, வரவும் 1,26,000. இந்த ஆண்டு இலாபம் 20,000 குறைந்து 6,000 கூடுகிறது, நிகரம் 14,000 குறைவு. சப்ளையர், வரி, வங்கி ஆகிய மூன்றும் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் தாளில் வந்துவிட்டால், எங்கோ தடம் மாறியிருக்கிறீர்கள்.

ஒதுக்கீடு தானாக எதிர்ப்பதிவு ஆகியிருந்தால் கடைசி இரண்டு வரிகள் மட்டும் மாறும். கொடுபட வேண்டிய செலவுகளில் திருத்தம் எதுவும் வேண்டாம். பழுதுபார்ப்புச் செலவு 1,00,000 வரவில் நிற்கிறது, 20,000 பற்றில் நிற்க வேண்டும், ஆகவே திருத்தம் 1,20,000 பற்று. இலாபத்தின் மீதான விளைவு, முன்பு போலவே 14,000 குறைவு அல்ல: தவறான அந்த 1,00,000 வரவு இதுவரை இந்த ஆண்டு இலாபத்தை உயர்த்திக் காட்டியிருப்பதால், ஏப்ரலில் 1,14,000 குறையும். ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் இரண்டு நிலைகளிலும் செலவு 20,000-தான். ஏப்ரல் எண் திடீரென்று சரிவதைப் பார்த்து மேலாளர் கேட்கும்போது இந்த விளக்கம் கையில் இருக்க வேண்டும்.

அந்த 20,000 யாருடையது

ஒதுக்கியது 1,00,000, வந்தது 1,20,000. வித்தியாசம் போன ஆண்டைச் சேர்ந்ததா, இந்த ஆண்டைச் சேர்ந்ததா? ஐஏஎஸ் 8 இதற்கு வழி காட்டுகிறது. அன்று கையில் இருந்த தகவலைக் கொண்டு நேர்மையாக மதிப்பிட்டிருந்து, பின்னால் உண்மைத் தொகை வேறாக வந்தால், அது மதிப்பீட்டு மாற்றம். இந்த ஆண்டுச் செலவாக எழுதலாம், போன ஆண்டைத் தொட வேண்டாம். ஆனால் 1,20,000 என்ற விலைப்புள்ளி டிசம்பரிலேயே கொள்முதல் பிரிவின் கோப்பில் இருந்தது, கணக்குப் பிரிவு கேட்கவில்லை என்றால், அது பிழை. பிழையானாலும் தொகை முக்கியத்துவ வரம்புக்குக் கீழே இருந்தால் இந்த ஆண்டிலேயே எழுதுவதுதான் நடைமுறை. எப்படியும் தணிக்கையாளரிடம் சொல்லுங்கள். சர்வதேசத் தணிக்கைத் தரமான ஐஎஸ்ஏ 450-இன்படி, வெளிப்படையாக அற்பமானவை தவிர, கண்டறியும் தவறுகளை எல்லாம் அவர்கள் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். தனியாகச் சிறியவை சேர்ந்து பெரிதாகலாம்.

ஒதுக்கீடே இல்லாமல் இருந்து, தொகையும் நிறுவனத்தின் அளவுக்கு முக்கியமானதாக இருந்தால் பதிவு முற்றிலும் மாறுகிறது. இயந்திரங்கள் வரவு 1,20,000, எதிரே தக்கவைத்த இலாபத்தின் தொடக்க இருப்பில் பற்று 1,20,000. இந்த ஆண்டின் செலவில் சுமத்தக் கூடாது. அடுத்த ஆண்டறிக்கையில் போன ஆண்டின் ஒப்பீட்டு எண்களைத் திருத்திக் காட்டி, குறிப்பில் விளக்க வேண்டும், வருமான வரி விளைவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பேரேட்டில் டிசம்பர் மாதம் அப்போதும் மூடியே இருக்கும், அறிக்கைதான் திருத்தப்படுகிறது. இந்த முடிவைக் கணக்கர் தனியாக எடுக்கக் கூடாது.

பிழை ஒரே ஆண்டுக்குள் மாதம் மாறியதாக மட்டும் இருந்தால், உதாரணமாக மார்ச் செலவு ஏப்ரலில் ஏறியிருந்தால், ஆண்டுத் தொகை கெடவில்லை. காலாண்டு எண்களை வெளியிடும் நிறுவனம் இல்லையென்றால், மாத அறிக்கையில் ஒரு குறிப்பு பெரும்பாலும் போதும்.

பதிவது

இயந்திரங்கள் கணக்கில் நேரடியாகக் குறிப்பேட்டுப் பதிவு போடாதீர்கள். அது கட்டுப்பாட்டுக் கணக்கு, அதன் விவரம் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது. பேரேட்டில் மட்டும் 1,20,000 குறைத்தால் பதிவேட்டில் அந்தப் போலி இயந்திரம் தொடர்ந்து வாழும், மாதம் 2,000 தேய்மானமும் தொடரும். சொத்துப் பதிவேட்டின் வழியாகவே, அந்தச் சொத்தின் கொள்முதலைத் திருப்பும் பதிவாகப் போட வேண்டும். விற்பனை அல்லது கழிவு என்ற வகையில் போட்டால் இல்லாத ஒரு நட்டம் இலாப நட்டக் கணக்கில் முளைக்கும். பல மென்பொருள்கள் கொள்முதலைத் திருப்பியதும் தேய்மானத்தையும் தாமே கணக்கிட்டு அடுத்த ஓட்டத்தில் திருப்பிவிடும். அப்படியானால் 6,000-க்குக் கையால் தனிப் பதிவு போடக் கூடாது, போட்டால் அது இருமுறை திரும்பும். முதலில் சோதனை ஓட்டத்தில் பார்த்துவிடுங்கள்.

வவுச்சரின் தேதி ஏப்ரலில், உண்மையாகப் பதியும் நாளாக இருக்கட்டும். விவரத்தில் "திருத்தம்" என்ற ஒற்றைச் சொல் போதாது. ஆறு மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் படித்தாலும் புரியும்படி எழுதுங்கள்: "ஜனவரி 8 தேதியிட்ட கம்ப்ரஸர் பராமரிப்புப் பில் சொத்தாக ஏறியது, டிசம்பர் ஒதுக்கீட்டுக்கும் பழுதுபார்ப்புச் செலவுக்கும் மாற்றப்படுகிறது". அதோடு மூல ஆவண எண், ஒதுக்கீட்டு வவுச்சர் எண், பணி அறிக்கை, மூன்று பத்தித் தாள் ஆகியவற்றை இணையுங்கள். தயாரித்தவரும் ஒப்புதல் தருபவரும் வேறு ஆட்களாக இருக்க வேண்டும். மூலப் பதிவில் கைவைக்க வேண்டாம், அதன் குறிப்புப் புலத்தில் திருத்த வவுச்சரின் எண்ணைச் சேர்க்க முடிந்தால் போதும்.

வரிக் கணக்கில் தொகை மாறவில்லை. ஆனால் மூலதனப் பொருளுக்கும் சேவைக்கும் வரி அறிக்கையில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும் இடங்களில், 12,000 தவறான கட்டத்தில் போயிருக்கும். அந்த அறிக்கையை அதற்குரிய முறையில் தனியே திருத்த வேண்டும்.

தவறு எங்கிருந்து வந்தது

பதிந்தவரைக் கேட்டால் பெரும்பாலும், "கொள்முதல் ஆணையில் அப்படித்தான் இருந்தது" என்பார். அது உண்மையாகவும் இருக்கும். ஆணையை எழுப்பியவர் சொத்துக் குறியீட்டைத் தேர்ந்திருப்பார், அல்லது அந்தச் சப்ளையரிடம் முன்பு இயந்திரம் வாங்கியபோது வைத்த இயல்புக் கணக்கு அப்படியே நிற்கும். அந்த மூலத்தை மாற்றாவிட்டால் அடுத்த பராமரிப்புப் பில்லும் அதே இடத்துக்குப் போகும். எனவே அந்தச் சப்ளையரின் கடந்த இரண்டு ஆண்டுப் பில்களையும், அதே ஆணையின் மற்ற உருப்படிகளையும் எடுத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட தவறு தனியாக வருவது அரிது.

பதிந்த பிறகு

அன்றே ஐந்து இடங்களைப் பாருங்கள். சப்ளையர் இருப்பு அசையாமல் இருக்க வேண்டும். வரிக் கணக்கும் அப்படியே. கொடுபட வேண்டிய செலவுகளில் டிசம்பர் ஒதுக்கீடு தீர்ந்திருக்க வேண்டும், தொகை பூச்சியமானாலும் இரண்டு பதிவுகளும் ஒன்றோடொன்று பொருத்தப்படாமல் நின்றால் அடுத்த ஆய்வில் மறுபடி கேள்வி வரும், பொருத்திவிடுங்கள். இயந்திரங்கள் கணக்கின் பேரேட்டு இருப்பும் சொத்துப் பதிவேட்டின் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். பழுதுபார்ப்புச் செலவில் ஆண்டு தொடக்கத்திலிருந்து இந்த வேலைக்கான நிகரம் 20,000 மட்டுமே.

ஆறாவது சோதனைக்குத் தேய்மான ஓட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஏப்ரல் ஓட்டத்தில் இந்தச் சொத்தின் பெயரில் 6,000 திரும்பியிருக்கிறதா, மே ஓட்டத்தில் அதன் பெயரே வராமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கோப்பை மூடுங்கள்.